நூற்றில் ஒன்று தொலைந்தால்

விநாடிக்கு 20 மெகாபிட் கொண்டுசெல்லக்கூடிய ஒரு செயற்கைக்கோள் இணைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் அனுப்பும் நூறு பாக்கெட்டுகளில் ஒன்று வழியில் தொலைந்துபோகிறது. தொலைந்ததை மறுபடி அனுப்பிவிடலாம். ஆகவே வேகம் 20-லிருந்து 19.8 மெகாபிட்டாகக் குறையும் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். உண்மையில் கிடைப்பது சுமார் கால் மெகாபிட். 40 விநாடியில் இறங்கியிருக்க வேண்டிய 100 எம்.பி. கோப்பு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இந்த ஒரு மணி நேரமும் அந்த இணைப்பு கிட்டத்தட்டக் காலியாகவே கிடக்கிறது. வேறு யாரும் அதை அடைத்துக்கொள்ளவில்லை. நிறுவனம் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் இல்லை. கோப்பை அனுப்புகிற கணினி, தானாகவே தன் வேகத்தை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு பாக்கெட் தொலையும்போதும் ‘வழியில் நெரிசல், ஒதுங்கி நிற்க வேண்டும்’ என்று அது முடிவு செய்கிறது. அந்த முடிவு இங்கே தவறு. ஆனால் அதை அப்படி முடிவெடுக்கப் பழக்கியவர்களுக்கு மிக நல்ல காரணம் இருந்தது.

1986 அக்டோபரில் இணையம் முதல்முறையாக மூச்சுத் திணறியது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நானூறு கெஜத் தூரம்கூட இருக்காது. அந்த இணைப்பில் தரவு வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைந்தன. தொலைந்தவற்றை எல்லாக் கணினிகளும் உடனே மறுபடி அனுப்பின. அதனால் நெரிசல் இன்னும் கூடியது, இன்னும் அதிகம் தொலைந்தது. அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து, 1988-ல் ஒரு தீர்வை வெளியிட்டார். இணையத்தில் தரவைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற விதிமுறையில் அது சேர்ந்தது. அதன் சாரம் எளிமையானது: பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை, தொலையாதவரை மெல்ல மெல்லக் கூட்டு.

வழியில் இருக்கும் ரவுட்டர்கள் எதுவும் ‘இங்கே நெரிசல்’ என்று அன்று சொல்லவில்லை. அவற்றின் வரிசை நிரம்பினால், புதிதாக வரும் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். ஆகவே பாக்கெட் இழப்பு ஒன்றே அனுப்புபவருக்குக் கிடைத்த செய்தி. கம்பி சேதத்தால் பாக்கெட் கெட்டுப்போவது மிக அரிது, நூற்றில் ஒன்றைவிட வெகு குறைவு, எனவே இழப்பு என்றால் நெரிசல்தான் என்று ஜேக்கப்சன் வெளிப்படையாகவே எழுதி வைத்தார். கம்பிக்கு அது சரி. வானொலி அலைக்கு அந்த உறுதி கிடையாது. மழை, கட்டடம், ஓடும் ரயில், கோபுரம் விட்டுக் கோபுரம் தாவுதல் என்று பாக்கெட் தொலைய அங்கே பல வழிகள் இருக்கின்றன. நெரிசல் அவற்றில் ஒன்று மட்டுமே.

இழப்பு எப்படி இவ்வளவு வேகத்தைத் தின்கிறது என்பதைப் பார்க்க, அனுப்பும் கணினி என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டும் போய்ச் சேர்ந்ததும் மறுமுனை ஓர் ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராமல் ஒரே சமயத்தில் எத்தனை பாக்கெட்டுகளை வழியில் மிதக்கவிடலாம் என்று அனுப்புபவர் ஒரு வரம்பு வைத்திருப்பார். இதற்கு விண்டோ என்று பெயர். பாக்கெட் போய் ஒப்புகை திரும்பிவரும் நேரம் ஒரு சுற்று. ஒரு சுற்றில் ஒரு விண்டோ அளவுதான் போக முடியும் என்பதால், வேகம் என்பதே விண்டோவைச் சுற்று நேரத்தால் வகுத்தால் வருவதுதான்.

புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேலே போய்க் கீழே இறங்க ஒளிக்குக் கால் விநாடி ஆகிறது. ஒப்புகையும் அதே வழியில் திரும்ப வேண்டும். இடையில் உள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.6 விநாடி. 20 மெகாபிட் இணைப்பை நிரப்ப, எந்த நேரத்திலும் ஏறக்குறைய 1,030 பாக்கெட்டுகள் வழியில் இருக்க வேண்டும்.

கோப்பு கிளம்பும்போது விண்டோ 10 பாக்கெட். முதலில் அது ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும்: 10, 20, 40, 80. இழப்பே இல்லையென்றால் ஏழு சுற்றில், அதாவது நான்கு விநாடிக்குச் சற்று மேல், இணைப்பு நிரம்பிவிடும். நூற்றில் ஒன்று தொலையும் இணைப்பில் அது நடப்பதில்லை. முதல் மூன்று சுற்றுகளில் 70 பாக்கெட்டுகள் போயிருக்கும், நான்காவது சுற்றோடு 150 ஆகிவிடும். அதற்குள் ஒன்றாவது தொலைந்திருக்கும். அந்தக் கணமே விண்டோ பாதியாகிறது, இரட்டிப்பும் நின்றுபோகிறது. அதன்பிறகு ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பாக்கெட் வீதம்தான் விண்டோ வளரும். 40 என்பது 41 ஆக 0.6 விநாடி, 42 ஆக இன்னொரு 0.6 விநாடி. இரண்டு மூன்று அடி எடுத்து வைப்பதற்குள் அடுத்த பாக்கெட் தொலையும், மறுபடி பாதி. விண்டோ கடைசியில் சராசரியாக 12 பாக்கெட்டில் வந்து நிற்கும். ஆயிரத்துக்கு மேல் கொள்ளும் குழாயில் பன்னிரண்டு. நூற்றில் ஒரு பங்கு வேகம் என்று மேலே சொன்னது இதுதான்.

இழப்பு மிக அரிதாக இருந்தாலும் புவிநிலை இணைப்பில் நிலைமை கடினம். இணைப்பு முழுவதும் நிரம்பி ஓடுகிறது, ஒரே ஒரு பாக்கெட் தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோ 1,030-லிருந்து 515-க்கு வரும். சுற்றுக்கு ஒன்று வீதம் பழைய இடத்துக்கு ஏற 515 சுற்றுகள், ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒரு பாக்கெட்டுக்கு ஐந்து நிமிட அபராதம்.

இந்த உறவை மேத்திஸ், செம்கே, மஹ்தவி, ஓட் என்ற நால்வர் 1997-ல் ஒரு வாய்ப்பாடாக எழுதினார்கள்:

```
rate ≈ (MSS / RTT) × (1.22 / √p)
```

`MSS` என்பது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவு, வழக்கமாக 1,460 பைட். `RTT` சுற்று நேரம். `p` என்பது பாக்கெட் தொலையும் விகிதம், நூற்றில் ஒன்று என்றால் 0.01. இதில் இணைப்பின் கொள்ளளவு எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 20 மெகாபிட் திட்டத்தை விட்டு 100 மெகாபிட் திட்டத்துக்கு மாறினாலும், இழப்பும் சுற்று நேரமும் அப்படியே இருந்தால், ஒரு கோப்பு இறங்கும் வேகம் துளியும் கூடாது. அதிகப் பணம் கொடுத்தும் பலனில்லை என்று புலம்புகிற பலருடைய சிக்கல் இந்த வாய்ப்பாட்டுக்குள் இருக்கிறது.

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது? இரண்டு இழப்புகளுக்கு நடுவே எத்தனை பாக்கெட்டுகள் போகின்றன என்று எண்ணினால் புரியும். விண்டோ பெரிதாக இருந்தால் ஒரு சுற்றில் போகிற பாக்கெட் அதிகம். பாதியாகிப் பழைய அளவுக்கு ஏற ஆகிற சுற்றுகளும் அதிகம். இரண்டும் சேர்ந்து பெருகுவதால், விண்டோவை இரட்டிப்பாக வைத்திருக்க வேண்டுமானால் இழப்புகளுக்கு இடையே நான்கு மடங்கு பாக்கெட்டுகள் பழுதில்லாமல் போயாக வேண்டும். பத்து மடங்கு வேகத்துக்கு நூறு மடங்கு சுத்தமான இணைப்பு தேவை. நம் 20 மெகாபிட் இணைப்பை நிறைக்க, ஏழு லட்சம் பாக்கெட்டுகளில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. வானொலி இணைப்பிடம் அதைக் கேட்பது பேராசை.

சுற்று நேரத்தின் பங்கை உணர அந்தமானைப் பார்க்கலாம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. மற்ற தீவுகளுக்கான கிளைகளோடு சேர்த்து அதன் நீளம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். அதுவரை அந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. கண்ணாடி இழையில் ஒளி அவ்வளவு தூரம் போய்த் திரும்ப 23 மில்லிவிநாடி போதும். கருவிகளுக்கும் சேர்த்து 25 என்று கொள்வோம். இரண்டு வழியிலும் ஆயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைவதாகக் கணக்குப் போட்டால், செயற்கைக்கோள் வழியில் ஒரு கோப்புக்கு முக்கால் மெகாபிட், கேபிளில் 18 மெகாபிட். இழப்பு ஒன்றேதான். கேபிளில் தவறு உடனே தெரிகிறது, உடனே சரியாகிறது. மேலே போய் வரும் வழியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அரை விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். கேபிள் கொண்டுவந்த கொள்ளளவைப் பற்றித்தான் அன்று எல்லாரும் எழுதினார்கள். குறைந்த சுற்று நேரத்துக்கும் அதே அளவு மதிப்பு உண்டு என்பது என் கருத்து.

இங்கே ஒரு கேள்வி எழும். கைப்பேசியும் வானொலியில்தானே பேசுகிறது, அங்கே மட்டும் எப்படி நல்ல வேகம் கிடைக்கிறது? 4ஜி கோபுரம் அனுப்பும் தரவுத் துண்டுகளில் பத்தில் ஒன்று முதல் முயற்சியில் கெட்டுப்போகும்படிதான் பொறியாளர்கள் அமைப்பதே வழக்கம். அவ்வளவு துணிந்து அனுப்பினால்தான் அலைக்கற்றையை முழுதாகப் பயன்படுத்த முடியும். ஆனால் கெட்டதைக் கைப்பேசி உடனே கோபுரத்துக்குச் சொல்லிவிடும். சுமார் 8 மில்லிவிநாடியில் அதே துண்டு மறுபடி வரும். முன்பு கெட்டுப்போய் வந்ததையும் கைப்பேசி தூக்கியெறியாமல் வைத்திருந்து, இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். அதற்கும் மேலே இன்னொரு அடுக்கு, விட்டுப்போனதைச் சரிபார்க்கும். இத்தனையும் கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையிலேயே முடிந்துவிடுவதால், தொலைவில் இருக்கும் சர்வருக்கு இழப்பே தெரியாது. சிறு தாமதம் மட்டும் தெரியும்.

இழப்பை அது நடந்த இடத்திலேயே மறைத்துவிட வேண்டும் என்ற இந்த எண்ணத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். 1990-களின் நடுவில் பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது, அவரும் உடன் ஆய்வாளர்களும் ‘ஸ்னூப்’ என்ற முறையை உருவாக்கினார்கள். வானொலி நிலையத்தில் ஒரு மென்பொருள், கடந்துபோகும் பாக்கெட்டுகளின் நகலை வைத்துக்கொள்ளும். ஏதாவது தொலைந்தது என்று ஒப்புகைகளில் தெரிந்தால், தன் நகலை அனுப்பிவைக்கும். இழப்பைச் சொல்லும் அந்த ஒப்புகைகளைச் சர்வருக்குப் போகவிடாமல் தடுத்துவிடும். சர்வர் பதறுவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது.

ஆகவே நல்ல சிக்னல் உள்ள இடத்தில் 4ஜி இழப்பால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. சிக்னல் எல்லையில் நிற்கும்போதும், ஓடும் ரயிலில் கோபுரம் மாறும்போதும், கோபுரத்தின் வரிசை நிரம்பும்போதும்தான் பாக்கெட்டுகள் நிஜமாகவே தொலையும். தாழ்வாகப் பறக்கும் ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள்களும் இந்த வகையில் சேரும். அவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் சுற்று நேரம் குறைவு. ஆனால் எந்த டிஷ் எந்தச் செயற்கைக்கோளோடு பேசுவது என்பது 15 விநாடிக்கு ஒருமுறை புதிதாக ஒதுக்கப்படுகிறது. அந்த மாற்றத்தின்போது சில பாக்கெட்டுகள் தொலையக்கூடும். அனுப்புபவர் அதையும் நெரிசல் என்றே படிக்கிறார்.

கோபுரத்தில் 8 மில்லிவிநாடியில் முடிகிற வேலை புவிநிலைச் செயற்கைக்கோளில் நடக்காது. ‘கெட்டுவிட்டது’ என்ற தகவல் போய்ச்சேர்ந்து மாற்று வரவே அரை விநாடி ஆகும். ஆகவே அங்கே வேறு வழி பார்த்தார்கள். முதலாவது, தரவோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பி, ஓரளவு கெட்டாலும் மீட்டுக்கொள்வது. மழை வலுத்தால் கூடுதல் பிட்டுகளை அதிகமாக்கி, வேகத்தை விட்டுக்கொடுத்துப் பிழையைத் தவிர்ப்பார்கள். இரண்டாவது, வேகம் கூட்டும் பதிலாள். வீட்டில் இருக்கும் மோடமோ மறுமுனைத் தரைநிலையமோ இணைப்பை இடையில் வெட்டி, சர்வருக்குத் தானே உடனடியாக ஒப்புகை கொடுத்துவிடும். சர்வர் தன் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி விண்டோவை மளமளவென்று கூட்டும். வான்வழிப் பகுதியை மட்டும் மோடமும் தரைநிலையமும் தமக்குள் வேறு விதிமுறையில் பார்த்துக்கொள்ளும்.

பல ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது. பிறகு விபிஎன் பரவியது. கூகுளில் பிறந்த குவிக் என்ற புதிய விதிமுறை 2021-ல் இணையத் தரமாகியது. இவை இரண்டும் ஒப்புகைகளையும் சேர்த்து மறையாக்கம் செய்துவிடுகின்றன. பயனருடைய அந்தரங்கத்துக்கு அது நல்லது. ஆனால் இடையில் இருக்கும் பதிலாளுக்கு உள்ளே என்ன போகிறது என்றே தெரியாது, போலி ஒப்புகையும் கொடுக்க முடியாது. அலுவலக விபிஎன்னை இயக்கியதும் செயற்கைக்கோள் இணைப்பு படுத்துவிடுகிறது என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். பூட்டிய பெட்டியைத் திறக்காமல் வேகம் கூட்ட வேண்டுமென்றால், அனுப்புபவருடைய புத்தியையே மாற்ற வேண்டும்.

அதிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. 2006 முதல் லினக்ஸில் இயல்பாக இருக்கும் கியூபிக் என்ற முறை, இழப்பு வந்தால் பாதியாக்காமல் 70 சதவீதத்தில் நிறுத்தும். மேலே ஏறுவதையும் சுற்றுகளை எண்ணிச் செய்யாமல் கடிகார நேரத்தை வைத்துச் செய்யும். நீண்ட சுற்று நேரத்துக்கு இது நிவாரணம். ஆனால் நம் இணைப்பில் நூற்றில் ஒன்று தொலையும்போது இது தருவது பழைய முறையைப் போல் இரண்டு மடங்குதான், அரை மெகாபிட்கூட இல்லை. இழப்பை நெரிசலாகப் படிக்கும் பழக்கம் அப்படியே இருக்கிறதே.

அந்தப் பழக்கத்தையே கைவிட்ட முறை பிபிஆர். 2016-ல் கூகுள் குழு ஒன்று வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் அதே வான் ஜேக்கப்சன். இழப்பு என்றால் நெரிசல் என்று 1988-ல் உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவரே, அந்தக் காலம் மாறிவிட்டது என்று வந்து சொன்னார். பிபிஆர் இரண்டை அளக்கிறது: மறுமுனையில் விநாடிக்கு எவ்வளவு தரவு உண்மையிலேயே போய்ச் சேர்கிறது, வரிசை காலியாக இருக்கும்போது சுற்று நேரம் எவ்வளவு. இரண்டையும் பெருக்கினால் வழியில் எவ்வளவு மிதக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை மட்டும் மறுபடி அனுப்பிவிட்டு, வேகத்தை அப்படியே வைத்திருக்கும்.

இதற்கும் ஒரு விலை இருந்தது. உண்மையான நெரிசலால் பாக்கெட் தொலையும்போதும் முதல் பதிப்பு ஒதுங்கவில்லை. வரிசை சிறிதாக உள்ள ரவுட்டர்களில், பக்கத்தில் நாகரிகமாக ஒதுங்கும் மற்ற இணைப்புகளை அது நசுக்கியது. பிந்தைய பதிப்புகளில் இழப்பு சுமார் 2 சதவீதத்தைத் தாண்டினால் அடங்கிக்கொள்ளும்படி திருத்தினார்கள்.

சரி, நம் வீட்டு இணைப்பு மெதுவாக இருப்பதற்கு நெரிசல் காரணமா, வெறும் இழப்பு காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் `ping` ஓடவிடுங்கள். நெரிசல் என்றால் முதலில் வரிசை நீளும், பதில் வரும் நேரம் 600-லிருந்து 900, 1,200 என்று ஏறும், அதன்பிறகே பாக்கெட் தொலையும். நேரம் ஏறாமல் சீராக இருந்தும் அவ்வப்போது பதில் வராமல் போனால், வழியில் இடம் இருக்கிறது, பாக்கெட் வேறு காரணத்தால் தொலைகிறது என்று பொருள்.

அடுத்து, ஒரே சமயத்தில் நான்கு கோப்புகளை இறக்கிப் பாருங்கள். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய நான்கு மடங்கு வேகம் வந்தால், குழாய் காலியாகத்தான் இருந்திருக்கிறது. ஒவ்வோர் இணைப்பும் தன் தன் சிறிய விண்டோவுக்குள் தவித்துக்கொண்டிருந்திருக்கிறது. வேகச்சோதனைத் தளங்கள் பெரும்பாலும் பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து அளப்பதால்தான், அவை காட்டும் எண் நன்றாக இருந்தும் ஒற்றைக் கோப்பு நகராமல் நிற்கிறது. மறுமுனைக் கணினி வாங்கிவைக்கும் இடம் சிறிதாக இருந்தாலும் இதே அறிகுறி தெரியும் என்பதால், லினக்ஸ் கணினியிலிருந்து கோப்பை மேலே ஏற்றும்போது இதையும் பார்த்துவிடுவது நல்லது:

```
ss -ti
sysctl net.ipv4.tcp_congestion_control
```

முதல் கட்டளையின் விடையில் `cwnd` என்பது விண்டோ, `retrans` என்பது மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகள். `retrans` ஏறிக்கொண்டே போய், `cwnd` பத்துப் பன்னிரண்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் இழப்புதான் குற்றவாளி. இரண்டாவது கட்டளை `cubic` என்று காட்டினால், நிர்வாகி உரிமையோடு `bbr` என்று மாற்றிப் பார்க்கலாம்.

அந்த மாற்றம் நீங்கள் அனுப்பும் தரவுக்கு மட்டுமே பொருந்தும். இறங்குகிற கோப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது அதை அனுப்பும் சர்வரில் உள்ள முறை. அது எங்கோ ஒரு தரவு மையத்தில், வேறொருவர் கையில் இருக்கிறது. ஆகையால் தீவிலோ மலைக் கிராமத்திலோ செயற்கைக்கோளை நம்பி ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ கோப்புகள் இறக்க வேண்டியிருந்தால், முதலில் பேச வேண்டியது சர்வரை நடத்துபவரிடம். டிஷ் மாற்றுவதும் திட்டத்தைப் பெரிதாக்குவதும் அதற்குப் பிறகுதான்.